முதுகுக்குப் பின்னால் நடந்த பறவை

சிப்பிமேட்டுக் குப்பத்தில் வெளியூர்க்காரர்களுக்கு வைத்த பட்டப்பேர்கள் எல்லாம் பறவைகளாகி உட்கார ஆரம்பித்த அந்தப் பங்குனி மாசத்தில், ஜனங்கள் முதலில் கேட்ட கேள்வி இதெல்லாம் எங்கேயிருந்து வந்தது என்பதில்லை, காயப்போட்ட நெத்திலியைக் கொத்துமா கொத்தாதா என்பதுதான். கொத்தவில்லை. வலையிலும் சிக்கவில்லை, படகில் எச்சமும் போடவில்லை. அப்புறம் என்ன, இருந்துட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். சாம்பல் நிறத்தில், சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசாக, கூவத் தெரியாத பறவைகள். யாராவது ஒரு வெளியாளைப் பார்த்து ஒரு பேரைச் சொன்னால் போதும், சொன்ன வாய் மூடுவதற்குள் எங்கிருந்தோ ஒன்று வந்து அந்த ஆளோடு சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான் விஷயம். குப்பத்துக்காரர்கள் ஒருவரையொருவர் எத்தனை பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஒரு பறவையும் வரவில்லை. அது ஏன் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை, மீன் இறங்குகிற நேரம்.

ஆனால் எங்கே உட்காருகிறது என்பதில்தான் சங்கதி இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கி, அலைச்சறுக்குப் பலகையும் கையுமாக வருகிற வெள்ளைக்காரர்கள், வாரக்கடைசியில் காரில் வருகிற வடக்கத்திக்காரர்கள், குடையும் காமிராவுமாக வருகிற ஜப்பான்காரர்கள் என்று வருஷம் முழுக்க ஆள் வந்து போகிற குப்பம் அது. நாலே நாளில் குப்பத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "தொரை", "சார்", "மேடம்" என்று ஆட்டோக்காரர்களும் சங்குமாலை விற்கிறவர்களும் கூப்பிட்டால், பறவை நேராகப் போய் அந்த ஆளின் கைப்பையின்மேல் உட்கார்ந்தது. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினால் அதுவும் கூடவே மாறியது, முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "வெள்ளைக்காரரு", "ஃபாரின்காரம்மா" என்று சும்மா அடையாளத்துக்குச் சொன்னால், பறவை பக்கத்துச் சுவரில் உட்கார்ந்து எங்கேயோ பார்த்தது, அதற்கு வாழ்வுமில்லை தாழ்வுமில்லை. "பார்ட்டி வருது", "கிராக்கி வருது" என்று ஆட்டோ ஸ்டாண்டில் தங்களுக்குள் பேசிக்கொண்டால் ஆளிடம் போகாமல் ஆட்டோ கூரைமேலேயே கும்பலாக உட்கார்ந்துகொண்டன. எத்திராசின் ஆட்டோ மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொரு பறவை உட்கார்ந்திருந்ததை எல்லாரும் எண்ணிப் பார்த்துச் சிரித்தார்கள், அவனுக்கு மூன்று நாள் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

நக்கல் பேர்தான் மோசம். "பரங்கி", "வேகாத இறாலு", "வெள்ளெலி", "சப்பமூக்கு", "வடக்கன்" என்று, கேட்கிற ஆளுக்குப் புரியாது என்கிற தைரியத்தில் சொன்ன பேரெல்லாம் தரையில் இறங்கி, அந்த ஆளுக்கு இரண்டடி பின்னால், முதுகைப் பார்த்தபடியே தத்தித் தத்தி நடந்தன. ஆள் திரும்பினால் ஒரே தாவலில் மறுபடியும் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. பேர் சொன்னவர்கள் எப்படிச் செய்வார்களோ அதையே பறவையும் செய்தது. கடந்து போகும்வரைக்கும் சும்மா இருந்துவிட்டு, போனபிறகு சிரிப்பார்கள், ஆள் திரும்பிப் பார்த்தால் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கடலைப் பார்ப்பார்கள், "இப்ப என்ன சொன்னீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல சார், குட் நேம் சார்" என்பார்கள். ஒரு தோல் நிறத்துக்கு ஒரு பேர், அதை அந்த நிறத்தில் வருகிற அத்தனை பேருக்கும் பொதுவாக மாட்டிவிடுவார்கள். ஒருத்தன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பாசத்தில் வைத்த பேர் தோளில் உட்கார்ந்தது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இட்லிக்கு வைத்த சட்னியை டம்ளரில் ஊற்றிக் குடித்த பிரெஞ்சுக்காரன் "சட்னி அண்ணன்" ஆனான், அவன் தோளில் ஒன்று. எதற்கெடுத்தாலும் இரண்டு தடவை நன்றி சொல்லுகிற ஜெர்மன்காரர் "ரெண்டுதரம்" ஆனார், அவர் தோளில் ஒன்று. நாள் முழுக்கப் பலகையிலிருந்து தண்ணீரில் விழுந்துகொண்டே இருந்த பெங்களூர்ப் பெண்ணை "கவுந்தபடகு, வாடி சாப்பிட" என்று கரையிலிருந்து கத்திக் கூப்பிட்டார்கள், அவள் ஈரத்தலையோடு ஓடிவந்தாள், தோளில் பறவை ஆடிக்கொண்டே வந்தது. சொல்லை வைத்துப் பார்த்தால் "தொரை" மரியாதை, "கவுந்தபடகு" கேலி. பறவைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை. மூஞ்சிக்கு நேரே சொன்னதா, அவளுக்கென்றே வைத்ததா, பேர் வந்த கதையைத் தெருவே நடித்துக் காட்டுகிறதா, அவள் சிரிக்கும்வரைக்கும் காத்திருந்தார்களா, சொல்லிவிட்டுத் தங்கள் பட்டப்பேரையும் சொன்னார்களா, இதைத்தான் பார்த்தது.

அப்படித் தோளில் உட்கார்ந்த பறவைகளில் பாதிக்குமேல் பாஞ்சாலை வைத்த பேர். கரையோரம் தகரக்கொட்டகை போட்டு மீன் வறுத்து விற்கிற பாஞ்சாலைக்கு நாற்பத்தாறு வயசு. மீனைப் புரட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் ஒரு ஆளைப் பார்த்தாள் என்றால் எண்ணெய் சலசலப்பு அடங்குவதற்குள் பேர் விழும், விழுந்த பேர் செத்தாலும் போகாது. எப்போதும் பாதிக்கண் மூடியிருக்கிற அவள் புருஷன் தேசிங்குக்கு "அரைத்தூக்கம்" என்று வைத்தது அவள்தான், அதுவும் கல்யாணமான மூன்றாம் நாள். எந்நேரமும் நனைந்த துண்டோடு திரிகிற நாட்டார் கன்னியப்பன், ஊருக்கே தலைவர், அவருக்கு "ஈரத்துண்டு" என்று பேர் வைக்க அவளைத் தவிர யாருக்குத் துணிச்சல் வரும்? அவரே கைபேசியில் பேசும்போது "நான்தாம்பா ஈரத்துண்டு" என்றுதான் ஆரம்பிப்பார்.

குப்பத்தில் பட்டப்பேர் விளையாட்டில்லை. கடலில் யாரையும் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், அலைக்கும் காற்றுக்கும் சொந்தப் பேர் தெரியக்கூடாது என்று ஒரு வழக்கம். அதனால் பட்டப்பேர் இல்லாதவன் படகேற முடியாது, பட்டப்பேர் இல்லாத மருமகள் குப்பத்துக்காரி ஆக முடியாது. வெளியூரிலிருந்து மருமகள் வந்தால் மூன்றாம் நாள் காலையில், படகுகள் வந்து மீன் இறங்கினபிறகு, கரையில் கவிழ்த்துப்போட்ட படகின்மேல் அவளை உட்காரவைத்து, ஊர் கூடி நிற்க, பாஞ்சாலை பேர் வைப்பாள். அதற்கு மூன்றே சட்டம். முதலில் அந்த ஆளின் மூஞ்சியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், வேறு காதுக்கு முன்னாடி போகக்கூடாது. கேட்டவள் சிரிக்க வேண்டும், முகம் சுண்டினால் அந்தப் பேரை விட்டுவிட்டு வேறு தேட வேண்டும். கடைசியில் பேர் வாங்கினவள், வைத்தவளுக்கு ஒரு பேர் திருப்பி வைக்க வேண்டும். அப்படிப் பாஞ்சாலைக்கு இருபத்தேழு மருமகள்கள் பேர் வைத்திருந்தார்கள். எல்லாம் "மகராசி", "தங்கக்கை" என்று பயந்துபோய் வைத்த பேர், சாயங்காலம்வரைகூடத் தாங்காது. ஆகவே குப்பத்திலேயே பிறந்து ஊருக்கெல்லாம் பேர் வைத்த பாஞ்சாலைக்கு ஊரில் பட்டப்பேர் கிடையாது. எனக்குப் பேர் வைக்க ஒருத்தி பொறந்து வரணும் என்று அவள் சொல்லிக்கொள்வாள், அதில் அவளுக்குப் பெருமைதான்.

இப்பேர்ப்பட்ட பாஞ்சாலைதான் அந்தத் தப்பைச் செய்தாள்.

அவள் வீட்டு மாடி அறையில் நாலு மாசமாக ஹங்கேரி தேசத்துக்காரி ஒருத்தி குடியிருந்தாள். இலோனா என்று பேர், ஐம்பதைத் தாண்டினவள், காலையில் கடலில் நீந்துவாள், மத்தியானம் கைபேசியை வைத்துக்கொண்டு தமிழ் படிப்பாள். படித்த தமிழ் எல்லாம் பாடப்புத்தகத் தமிழ். "அக்கா, நான் இன்னும் சிற்றுண்டி உட்கொள்ளவில்லை" என்பாள், கேட்டுக் கொட்டகையே குலுங்கும், பாஞ்சாலை இரண்டு துண்டு அதிகமாகப் போட்டுக் கொடுப்பாள். இவளுக்கு ஒரு நல்ல பேராக வைக்க வேண்டும் என்று தேடிக்கொண்டே இருந்தாள். அதுவரைக்கும் "மேடம்" என்றே கூப்பிட்டாள், பங்குனியில் பறவைகள் வந்தபிறகு இலோனாவின் துணிப்பையில் ஒன்று நிரந்தரமாகக் குடியேறியது.

மாசி மாசம் புயல் சின்னம் என்று ஐந்து நாள் படகு போகவில்லை. ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கொட்டகை நிறைய ஆள். பாஞ்சாலை ஐஸ் பெட்டியில் கிடந்த கடைசி வஞ்சிரத்தை எடுத்துப் பலகையில் போட்டாள். பக்கத்தில் நின்ற இலோனா அதன் செவுளைத் தூக்கிப் பார்த்தாள், முகர்ந்தாள், முதுகில் விரலால் அழுத்தினாள். அழுத்தின குழி அப்படியே நின்றது.

"அக்கா, இந்த மீன் புதியது அன்று," என்றாள் இலோனா, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. "செவுள் பழுப்பாக உள்ளது. கண் உள்ளே சென்றுவிட்டது. என் தந்தை மீன் வணிகர். இதை விற்க வேண்டாம்."

காரில் வந்திருந்த குடும்பம் இலையை மூடி வைத்துவிட்டு எழுந்தது. மீனைப் பற்றி அவள் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை, அதுதான் பாஞ்சாலைக்குத் தாங்கவில்லை. வாய் திறந்து அவளைத் திட்டியிருந்தால்கூடப் போயிருக்கும். பாஞ்சாலை சிரித்து, "சரி மேடம்," என்றாள். இலோனா மாடிப்படி ஏறிப் போனபிறகு, வாணலியைத் தட்டிவிட்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "மோப்பநாயி."

அன்று இன்னும் பறவைகள் வராத காலம். பேர் மட்டும் பரவியது. மீன் கூடை தூக்குகிறவளிலிருந்து ஆட்டோ எத்திராசுவரை "மோப்பநாயி போவுது பாரு" என்றார்கள். வெளிநாட்டுக்காரிதானே, மூஞ்சிக்கு முன்னாடி சொல்ல வேண்டும் என்கிற சட்டமெல்லாம் அவளுக்கு எதற்கு என்று பாஞ்சாலையும் நினைத்தாள், ஊரும் நினைத்தது. சட்டம் குப்பத்துக்கு மட்டும்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். அப்புறம் பங்குனி வந்தது, பறவைகள் வந்தன. ஒரு காலையில் இலோனா நீந்திவிட்டு ஈரத்துணியோடு கரையேறி வரும்போது, இரண்டடி பின்னால், ஈர மணலில் கால் பதியாமல், ஒரு பறவை தத்தித் தத்தி வந்துகொண்டிருந்ததை ஊரே பார்த்தது.

யார் வைத்த பேர் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரியும். பாஞ்சாலை வைத்த பேர் ஒன்று முதுகுக்குப் பின்னால் நடக்கிறது! காலையில் கடலுக்கு நடந்தது, மத்தியானம் கடைத்தெருவுக்கு நடந்தது, சாயங்காலம் அவள் வீட்டு மாடிப்படியிலேயே ஒவ்வொரு படியாகத் தத்தி ஏறியது. பாஞ்சாலைக்குச் சோறு இறங்கவில்லை. துடைப்பத்தை எடுத்து விரட்டிப் பார்த்தாள், பறவை துடைப்பத்தைத் தாண்டிக் குதித்து மறுபடியும் அதே இடத்துக்குப் போனது.

"விட்டுத் தொலையேன், ஒரு குருவிதானே," என்றான் தேசிங்கு, பாதிக் கண்ணைத் திறந்து.

"உனக்கு இன்னாய்யா தெரியும்? அது குருவியில்ல, என் வாயி. என் வாயி நடுத்தெருவுல நடக்குது," என்றாள் பாஞ்சாலை.

இலோனாவுக்கு ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அவள் முட்டாளா என்ன? தான் போனபிறகு எழுகிற சிரிப்பையும், திரும்பினால் அடங்குகிற சிரிப்பையும் அவள் கவனித்திருந்தாள். சட்னி அண்ணன் தோளைப் பார்த்தாள், தன் தோளைப் பார்த்தாள். நடந்துகொண்டே இருந்து சட்டென்று திரும்பினாள், மண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கடைக் கண்ணாடியில் பார்த்தாள், பறவை காலுக்குள் ஒடுங்கிக்கொண்டது. மீன்கூடைக்காரியிடம் கேட்டாள், "எனக்கு இங்கே வழங்கும் பெயர் யாது?" அவள், "மேடம்தான், வேற இன்னா?" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தாள். எத்திராசிடம் கேட்டாள், அவன், "நல்ல பேரு மேடம், சூப்பர் பேரு," என்று ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அர்த்தம் கேட்டால் அர்த்தம் சொல்லாமல் பாராட்டுகிறார்கள் என்றால் அது எந்த மாதிரிப் பேர் என்று அவளுக்குப் புரிந்தது. கடைசியில் பாஞ்சாலையிடமே வந்தாள்.

"அக்கா, என் பின்னால் ஏதேனும் வருகிறதா?"

பாஞ்சாலை வாணலியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணுமில்லியே மேடம்."

துணிப்பையில் இருந்த பறவைக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. இலோனா அதைப் பார்த்தாள், பாஞ்சாலையைப் பார்த்தாள், மாடிக்குப் போனாள். அன்று சாயங்காலமே வெள்ளிக்கிழமை அறையைக் காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள். நாலு மாசமாக அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள் அன்றைக்கு அக்கா என்று சொல்லவில்லை.

மறுநாள் நாட்டார் ஆள் அனுப்பினார். கோயில் மரத்தடியில் நாலு பேரோடு உட்கார்ந்திருந்த ஈரத்துண்டு துண்டைப் பிழிந்தபடியே பேசினார்.

"பாஞ்சாலை, வியாழக்கிழமை நம்ம பாளையம் வூட்டுக்கு மருமவளா வந்திருக்கிற கடலூர்ப் பொண்ணு செண்பகவல்லிக்குப் பேர் வைக்கணும். நீ வைக்கிறதா, இல்லியான்னு ஊருல பேச்சு வந்திருக்கு."

"எதுக்குப் பேச்சு? இருபத்தேழு பொண்ணுக்கு நான்தானே வச்சேன்."

"வச்சே. ஒண்ணுகூட முதுகுக்குப் பின்னாடி வச்சதில்ல, அதனாலதான் ஊரு உன் வாயில வுட்டுச்சு. இப்ப அந்தம்மா பின்னாடி ஒண்ணு நடக்குது. நாளைக்கு இந்தப் பொண்ணு கேட்டா இன்னா சொல்றது? 'எனக்கு நேர்ல ஒண்ணு வச்சாங்க, பின்னாடி இன்னா வச்சாங்களோ'ன்னு நெனைக்க மாட்டாளா? வியாழக்கிழமைக்குள்ள அந்தப் பறவை அங்கேர்ந்து போவணும். போவலைன்னா பேர் வைக்கிற வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"வெள்ளைக்காரிக்கு எதுக்கு நம்ம சட்டம்?" என்றாள் பாஞ்சாலை. சொல்லும்போதே அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"சட்டம் கேக்குறவங்களுக்கு இல்ல பாஞ்சாலை, வைக்கிறவங்களுக்கு," என்றார் நாட்டார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் இரண்டு நாள் பாஞ்சாலை என்னென்னவோ செய்து பார்த்தாள். எல்லாரிடமும் போய் இனிமேல் அந்தப் பேரைச் சொல்லாதீங்க என்று கெஞ்சினாள். யாரும் சொல்லவில்லை, பறவை போகவில்லை. வேறு நல்ல பேராக ஒன்று வைத்துப் பரப்பினாள், "பாடப்புத்தகம்" என்று. அதுவும் இலோனா இல்லாத இடத்தில் சொன்னதால் இரண்டாவதாக ஒரு பறவை முதல் பறவைக்குப் பக்கத்தில் தத்த ஆரம்பித்தது. ஐயையோ என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். நல்ல பேர்தானே, பாசத்தோடுதானே வைத்தேன் என்று பறவையிடமே சண்டை போட்டாள். அது முதுகைப் பார்த்தபடியே நடந்தது.

வியாழக்கிழமை காலையில் கவிழ்த்த படகின்மேல் செண்பகவல்லி மஞ்சள் சேலையில் உட்கார்ந்திருந்தாள். ஊர் வட்டமாகக் கூடியிருந்தது. வட்டத்துக்கு வெளியே, நீந்தப் போகிற வழியில், இலோனா துண்டும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலை வந்தாள். நல்ல சேலை கட்டி, தலை வாரி, பூ வைத்து வந்தாள், தோற்றுப்போகிற நாளிலும் பாஞ்சாலை பாஞ்சாலையாகத்தான் வருவாள். நாட்டார் இலோனாவின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், இரண்டு பறவையும் அவள் குதிகாலுக்குப் பின்னால் நின்றன. அவர் தொண்டையைச் செருமினார்.

"இருங்க நாட்டாரே," என்றாள் பாஞ்சாலை. "இந்தப் பொண்ணு வந்து மூணு நாளாச்சு. அதுக்கு முந்தி நாலு மாசமா ஒருத்தி காத்துனு இருக்கா. வரிசைப்படி செய்யலாம்."

வட்டத்தைப் பிளந்துகொண்டு போய் இலோனாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து, செண்பகவல்லிக்குப் பக்கத்தில், அதே படகின்மேல் உட்காரவைத்தாள். கடலூர்ப் பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். இலோனாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கையை உதறவில்லை. பாஞ்சாலை அவளுக்கு எதிரே மணலில் கால் ஊன்றி நின்றாள்.

"மேடம்... சே, இலோனா. நீ கேட்டியே, பின்னாடி ஏதாச்சும் வருதான்னு. வருது. நான் வச்ச பேரு அது. உன் மூஞ்சிக்கு முன்னாடி வச்சிருக்கணும், உன் முதுகுக்கு வச்சேன். அன்னிக்கு என் மீனை மோந்து பாத்துக் கெட்டுப்போச்சுன்னு சொன்னே. மீன் கெட்டுத்தான் போயிருந்துச்சு. எனக்குக் கோவம். நீ போனப்புறம் உனக்கு மோப்பநாயின்னு பேரு வச்சேன்."

யாரோ கூட்டத்தில் மூச்சை இழுத்தார்கள். செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மோப்பநாய்," என்று இலோனா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். கைபேசியைத் தேடிக் கை போனது, துண்டில் கைபேசி இல்லை. "மோப்பம் பிடிக்கும் நாய்? காவல் துறையிடம் உள்ளது?"

"அதேதான்," என்றாள் பாஞ்சாலை. கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவில்லை. "புடிக்கலைன்னா சொல்லு, இந்த இடத்துலேயே எடுத்துடறேன். வேற வைக்கிறேன். நீ சிரிச்சாத்தான் பேரு, இல்லாட்டி இல்ல. அது எங்க சட்டம். உனக்கும் அது உண்டுன்னு நாலு மாசமா யாரும் சொல்லல, அதுவும் என் தப்பு."

அலை இரண்டு தடவை வந்து போனது. இலோனாவின் மூக்கு நுனி சிவந்தது, அழப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள், நாட்டார் துண்டைக்கூட நீட்டப்போனார். அப்புறம் அவள் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "என் தந்தையும் இதையே கூறுவார்," என்றாள். "எங்கள் மொழியில். மீன் சந்தையில். அவர் எனக்கு வைத்த பெயர் இதுதான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். முதலில் மூக்கால், அப்புறம் தோள் குலுங்க, அப்புறம் படகு குலுங்க.

அவள் குதிகாலுக்குப் பின்னாலிருந்து பறவைகள் வெளியே வந்தன. ஒன்றன்பின் ஒன்றாகத் தத்தித் தத்தி முன்பக்கம் வந்து, தலையைச் சாய்த்து, முதல்முறையாக அவள் மூஞ்சியைப் பார்த்தன. அப்புறம் மோப்பநாயி வலது தோளிலும் பாடப்புத்தகம் இடது தோளிலும் ஏறி உட்கார்ந்தன. கரையே விசிலடித்தது. அரைத்தூக்கம் தேசிங்கு இரண்டு கண்ணையும் முழுசாகத் திறந்ததை அன்றைக்குத்தான் பலபேர் பார்த்தார்கள்.

"ஆச்சு," என்று பாஞ்சாலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செண்பகவல்லியின் பக்கம் திரும்பினாள்.

"இன்னா ஆச்சு?" என்றார் நாட்டார். "மூணாவது சட்டம் யாரு பாக்குறது? அந்தம்மா உனக்குத் திருப்பி வைக்கணும்."

இலோனாவுக்கு எடுத்துச் சொன்னார்கள், பத்துப் பேர் ஒரே நேரத்தில். அவள் தலையாட்டிக் கேட்டாள். பாஞ்சாலையை ஏற இறங்கப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், எண்ணெய் தெறித்துத் தழும்பேறிய கையைப் பார்த்தாள். மகராசி என்று சொல்லப்போகிறாள், இல்லாவிட்டால் தங்கக்கை என்று சொல்லப்போகிறாள் என்று பாஞ்சாலை இருபத்தெட்டாவது தடவையாகத் தயாராக நின்றாள்.

"நேற்று முன்தினம்," என்றாள் இலோனா.

"இன்னாது?"

"உங்கள் பெயர். நேற்று முன்தினம் அக்கா." வாடிய வஞ்சிரத்தைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் காற்றைத் தூக்கி, மூக்கைச் சுளித்துக் காட்டினாள். "ஏனெனில் உங்கள் மீன்."

கூடி நின்ற அத்தனை பேரும் பாஞ்சாலையின் முகத்தைப் பார்த்தார்கள். பாஞ்சாலைக்கு, அவள் கரையில், அவள் ஊர் நடுவில், அவள் மீனைச் சொல்லி! அவள் முகத்தில் கோபம் ஒன்று ஏறியது, கழுத்துவரைக்கும் சூடு வந்தது, அப்படியே நின்றாள். சிரித்தால்தான் பேர், சிரிக்காவிட்டால் இல்லை. வேண்டாம் என்று முகத்தைச் சுண்டினால் போதும், போய்விடும். ஆனால் முப்பது வருஷமாகப் பேர் வைத்தவளுக்கு நல்ல பேர் கிடைத்தால் தெரியாதா? இரண்டு சொல், ஒரு குறை, ஒரு சம்பவம், தெருவே நடித்துக் காட்டலாம், சாகும்வரை தாங்கும். இவ்வளவு சுத்தமான ஒரு பேரை அவளே யாருக்கும் வைத்ததில்லை. உள்ளே எங்கேயோ இருந்து சிரிப்பு கிளம்பியது, கோபத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது, பாஞ்சாலை இடுப்பில் கை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஊரே கேட்கச் சிரித்தாள்.

அப்போது அவள் தோளில் ஒரு பறவை வந்து உட்கார்ந்தது.

குப்பத்துக்காரி ஒருத்தியின் தோளில் உட்கார்ந்த முதல் பறவை அதுதான். ஏன் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை, செண்பகவல்லி காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அன்றைக்கு நல்ல பேராகவே விழுந்தது, அவள் சிரித்தாள், திருப்பியும் வைத்தாள், ஆனால் அதற்குள் பாஞ்சாலைக்கு வேறு பேர் தேவைப்படவில்லை.

இலோனா வெள்ளிக்கிழமை போகவில்லை. விசா முடிந்து வைகாசியில்தான் போனாள், இரண்டு தோளிலும் பறவையோடு பஸ் ஏறினாள், இதுக்கெல்லாம் லக்கேஜ் போடணுமா என்று கண்டக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். பாஞ்சாலை கொட்டகையில் அதற்கப்புறம் பழைய மீன் வாணலிக்குப் போனதில்லை. எப்படிப் போகும்? விடிந்தால் சட்னி அண்ணனிலிருந்து எத்திராசுவரை, "நேத்து முன்தினம் அக்கா, இன்னிக்கு மீனா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள், அவள் செவுளைத் தூக்கி ரத்தச் சிவப்பைக் காட்டிவிட்டுத்தான் அறுக்கிறாள். கதையை அரைகுறையாகக் கேள்விப்பட்டுப் புதிதாக வருகிற வெளியூர்க்காரர்கள், தோளில் பறவையைப் பார்த்துவிட்டு, இந்தப் பேரை உங்களுக்கு எந்த வெள்ளைக்காரி வைத்தாள் என்று கேட்கிறார்கள்.

"வெள்ளைக்காரியா?" என்கிறாள் பாஞ்சாலை, மீனைப் புரட்டிப் போட்டபடி. "அதெல்லாம் இல்ல. எங்க குப்பத்துப் பொண்ணு வச்சது."